கரு கலைந்த பின்னும் தோன்றும் இரண்டாம் கோடு

இராயபுரத்தில் இராஜா சர் இராமசாமி முதலியார் பெயரில் ஓர் அரசு மகப்பேறு மருத்துவமனை உண்டு. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அதனை வடசென்னை மக்கள் ஆர்.எஸ்.ஆர்.எம். என்றே சொல்வர். கரு கலைந்த பெண்கள் இத்தகைய மருத்துவமனைகளில் எழுப்பும் ஐயம் ஒன்றுண்டு: “கலைந்து பத்து நாளாகிவிட்டது, ஸ்கேனில் கருப்பையில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு ஏன் அட்டையில் இரண்டு கோடு வருகிறது?” கரு இன்னும் இருக்குமோ என்னும் நம்பிக்கையும், ஏதோ தங்கிவிட்டதோ என்னும் அச்சமும் அவ்வினாவில் கலந்திருக்கும்.

அட்டைக்குக் கருவைத் தெரியாது. சிறுநீரில் எச்.சி.ஜி. என்னும் இயக்குநீர் உள்ளதா என்பதே அதற்குத் தெரியும். அதைச் சுரப்பது நஞ்சுக்கொடியாக வளரும் புற உயிரணுப் படலம். கரு கலையும்போது அப்படலம் பிரிந்து வெளியேறச் சுரப்பு நின்றுவிடும். ஏற்கெனவே குருதியில் கலந்துவிட்டது மட்டும் எஞ்சும். ஆலை கதவடைத்த பின்னும் கிடங்கில் சரக்கு இருப்பதைப் போன்றது இது.

அச்சரக்கு எளிதில் தீராததற்கு அதன் அமைப்பே காரணம். மூளையடிச் சுரப்பி தரும் எல்.எச். என்னும் இயக்குநீர் எச்.சி.ஜி.க்கு நெருங்கிய உறவு. இரண்டுக்கும் ஆல்ஃபா என்னும் பாதி பொதுவானது. ஆனால் எல்.எச். ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். எச்.சி.ஜி.யின் மறுபாதியான பீட்டாவிலோ ஒரு நீண்ட வால் உண்டு. அவ்வாலில் சர்க்கரைக் கிளைகள் அடர்ந்திருக்கும். அவற்றின் நுனிகளைச் சியாலிக் அமிலம் மூடியிருக்கும். அம்மூடி இருக்கும்வரை கல்லீரலின் பற்றிகள் அதனை எளிதில் பிடித்து அகற்ற இயலாது. எனவே அது பாதியாக ஒரு நாள் முதல் ஒன்றரை நாள்வரை ஆகிறது. பீட்டாவை மட்டும் பிரித்தறியும் சோதனையை 1972-இல் அமெரிக்காவில் ஜூடித் வைதுகைதிஸ் குழுவினர் உருவாக்கினர். இன்று ஆய்வகச் சீட்டில் ‘பீட்டா எச்.சி.ஜி.’ என்று எழுதப்படுவது அந்த வழிவந்தது.

இனி கணக்கைப் பார்ப்போம். காசிமேட்டில் ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் கரு கலைகிறது. அப்போது குருதியில் ஒரு மில்லிலிட்டருக்கு 400 மில்லி அலகு இருப்பதாகக் கொள்வோம். எண்ணூரில் மற்றொருத்திக்கு ஒன்பதாம் வாரத்தில் கலைகிறது, அவளுக்கு 50,000. பல அட்டைகள் 25 அளவிலேயே கோட்டைக் காட்டிவிடும். குருதியும் சிறுநீரும் ஒரே அளவில் இரா என்றாலும், கணக்குக்கு அவ்வாறே கொள்ளலாம். முன்னவளுக்கு 400 நான்கு முறை பாதியானால் 25. ஒரு பாதிக்கு ஒன்றரை நாள் என்றால் ஆறு நாள் போதும். பின்னவளுக்குப் பதினொரு முறை பாதியாக வேண்டும், பதினாறரை நாள். தொடக்க அளவு 125 மடங்கு மிகுந்தும் காலம் மூன்று மடங்கைக்கூட எட்டவில்லை! நாள்தோறும் இவ்வளவு என்று தொகையாகக் குறையாமல், இருப்பதில் ஒரு பங்காகவே குறைவதால் வருவது இது. கிடங்கு உவமை இவ்விடத்தில் உதவாது.

உண்மையில் வீழ்ச்சி இவ்வளவு ஒழுங்காகவும் நிகழ்வதில்லை. முதலில் விரைந்தும் பிறகு மெல்லவும் குறையும். படலம் முற்றிலும் வெளியேறும்வரை சுரப்பும் சிறிது தொடரும். ஆகையால் இரண்டு முதல் நான்கு வாரம்வரை கோடு தோன்றுவது வழக்கம். சிலருக்கு இன்னும் நீளும். நாள்தோறும் அட்டை வாங்கிக் கோட்டின் அடர்த்தியை ஒப்பிடுவதை நான் ஊக்குவிக்கமாட்டேன். அட்டை அளவுகோலன்று, காலைச் சிறுநீரின் செறிவாலும் கோடு மாறும்.

நம்பத் தக்கது, நாற்பத்தெட்டு மணி நேர இடைவெளியில் இருமுறை குருதியில் அளந்து பார்ப்பதே. தானே கலையும் கருவில், இரண்டு நாளில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கேனும் இறங்க வேண்டும். தொடக்க அளவு மிகுதியாயின் மூன்றில் ஒரு பங்கு. அதனினும் மெல்லக் குறைந்தாலோ ஓரிடத்தில் நின்றாலோ, திசு தங்கியிருக்கலாம், அல்லது கரு கருப்பைக்கு வெளியே குழாயில் வளரலாம். ஸ்கேனில் கருப்பை வெறுமையாகத் தெரிவது குழாய்க் கருவுக்கும் பொருந்தும் என்பதால், முன்பு கருப்பைக்குள் கரு காணப்பட்டதா என்பதை மருத்துவர் கேட்பார். குறையாமல் ஏறினால் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தையும், கலைந்த இரண்டு வாரத்திலேயே கருமுட்டை வெளிப்படக்கூடும் என்பதால் புதிய கருவையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரித்தானிய மருத்துவ வழிகாட்டுதல், மாத்திரையால் கருச்சிதைவை நிறைவு செய்தபின் மூன்று வாரம் கழித்தே சிறுநீர்ச் சோதனை செய்யச் சொல்கிறது. அப்போதும் கோடு தோன்றினால் மருத்துவரிடம் திரும்ப வேண்டும். காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், ஒருபக்க வயிற்றுவலி, தோள்பட்டை வலி, மயக்கம், மணிக்கு இரண்டு நாப்கின் நனையும் உதிரப்போக்கு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் மூன்று வாரம் காத்திராமல் அன்றே செல்ல வேண்டும்.