ஒரு ஏக்கரில் ஐந்து சென்டிமீட்டர்

நெல் வயலில் ஐந்து சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டச் சொல்வார்கள். அது எத்தனை லிட்டர்? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஐந்து சென்டிமீட்டருக்கு 50 மில்லிமீட்டர் என்பதால், ஏக்கருக்கு ஏறத்தாழ 2,02,000 லிட்டர் வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து மாக் கணக்கில் மூன்று மா ஒரு ஏக்கர். எனவே மாவுக்கு 67,000 லிட்டர்.

மோட்டார் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதை ஒரு பேரலை வைத்தே அறியலாம். 200 லிட்டர் பேரல் 20 விநாடியில் நிறைந்தால், மணிக்கு 36,000 லிட்டர் வருகிறது. அப்படியானால் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இறைக்க வேண்டும். மண் ஏற்கெனவே ஊறி, சேறாக இருக்கும் வயலுக்குத்தான் இந்தக் கணக்கு. காய்ந்து வெடித்த வயல் முதலில் தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். அதற்குப் பிறகே தண்ணீர் மேலே நிற்கும்.

கட்டிய தண்ணீரை நிறுத்தி வைப்பதில்தான் செலவு மறைந்திருக்கிறது. வயலில் அளவுகோல் ஒன்றை நட்டு, மாலை ஆறு மணிக்கும் மறுநாள் காலை ஆறு மணிக்கும் நீர்மட்டத்தைப் பாருங்கள். இரவில் ஆவியாவது மிகக் குறைவு. இறங்கியதெல்லாம் பெரும்பாலும் மண்ணுக்குள் போனது. இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தால், நாளுக்கு நான்கு. பகலில் பயிரும் வெயிலும் எடுப்பது சுமார் ஐந்து. ஆக ஒன்பது மில்லிமீட்டர்: ஏக்கருக்குத் தினமும் 36,000 லிட்டர், நமது மோட்டாருக்கு ஒரு மணி நேர வேலை. மணற்பாங்கான நிலத்தில் ஓரிரவிலேயே எட்டு மில்லிமீட்டர் இறங்கினால், தினமும் 85,000 லிட்டர் போய்விடும். அங்கே கட்டிய தண்ணீர் இரண்டரை நாள்கூடத் தாங்காது. ஒரே மண்ணுள்ள இரண்டு வயல்களில் ஒன்றில் மட்டும் மட்டம் வேகமாக இறங்கினால், வரப்பில் நண்டு வளையோ எலி வளையோ இருக்கிறதா என்று தேடுங்கள்.

மேடு பள்ளம் இன்னும் பெரிய திருடன். சராசரி மட்டத்தைவிட மூன்று சென்டிமீட்டர் உயர்ந்த ஒரு மூலையிலும் ஐந்து சென்டிமீட்டர் நிற்க வேண்டுமானால், வயல் முழுவதும் சராசரியாக எட்டு சென்டிமீட்டர் கட்ட வேண்டும். கூடுதலாக 1,21,000 லிட்டர், மூன்று மணி நேரத்துக்கு மேல் மோட்டார். பள்ளத்தில் ஆழம் மிகுந்து தூர் வெடிப்பது குறையும், கசிவும் கூடும். சேற்றுழவின்போதே பரம்படித்து மட்டப்படுத்துவதற்குச் செலவிடும் கூலி, ஒவ்வொரு பாய்ச்சலிலும் திரும்பி வருகிறது.

எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதும் இல்லை. நாற்று வேர் பிடித்த பிறகு, துளையிட்ட குழாய் ஒன்றைச் சேற்றில் புதைத்து, அதனுள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின் மறுபடி ஐந்து சென்டிமீட்டர் கட்டினால் போதும். கதிர் வந்து பூக்கும் நாட்களில் மட்டும் வயலைக் காயவிடாமல் தண்ணீர் நிறுத்துங்கள். அப்போது தண்ணீர் தட்டினால் மணிகள் பதராகும்.