25% பெருசா, 20% பெருசா?

ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் பள்ளிக்கூட செட்டில் இருவர் இன்னும் தினமும் போனில் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஒருவன் பெரம்பலூரில் உரக்கடை வைத்திருக்கிறான். இன்னொருவன் அரியலூரில் சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கிறான். (2007-ல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து ரயில் எங்க ஊர்லதான் நிக்கும், ஹைவே எங்க ஊர் வழியாத்தான் போகுது என்று இந்தப் போட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது.) இந்த முறை சண்டை வீட்டு உபயோகப் பொருள் கடைகளைப் பற்றி.

அரியலூர்க்காரனுக்குத் தங்கை கல்யாணம், தை மாதத்தில். சீர் சாமான் வாங்க வேண்டும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர். பெட்டிகளில் அச்சடித்திருக்கும் எம்.ஆர்.பி.யைக் கூட்டினால் ஃப்ரிட்ஜ் மட்டும் 30,000, மற்றதெல்லாம் சேர்த்து 25,000. ஆக 55,000 ரூபாய். பெரம்பலூர் கடையில் தீபாவளி ஆஃபர் 20% தள்ளுபடி. அரியலூர் கடையில் 25% கேஷ்பேக்.

"டேய் மாப்ள, இருவத்தஞ்சு பெருசா இருவது பெருசா? இதுக்குப் போய் பஸ் ஏறி உங்க ஊருக்கு வரணுமா?" என்றான் அரியலூர்க்காரன்.

"மச்சான், என் கடைக்காரன் கையில காசைக் குறைக்கிறான். உன் கடைக்காரன் பேப்பர் குடுக்கிறான்" என்றான் இவன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இன்ஜினியரிங் படித்தவனுக்கு இதுதான் தண்டனை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கேஷ்பேக் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் நடமாடுகின்றன. ஒன்று, பணமாகவே வங்கிக் கணக்குக்குத் திரும்பி வருவது. 30,000 கட்டி 6,000 திரும்பி வந்தால் அது 20% தள்ளுபடியேதான், என்ன, கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டும். (அதிலும் "அதிகபட்சம் 2,000 ரூபாய்" என்று பொடி எழுத்தில் ஒரு வரம்பு இருக்கும். 10% என்று போட்டிருந்தாலும் 30,000 ரூபாய் பொருளுக்கு அது ஆறே முக்கால் சதவீதம்கூடத் தேறாது.) இன்னொன்று, அதே கடையில் மறுபடி பொருள் வாங்கினால் மட்டும் செல்லும் கூப்பன். அரியலூர் கடை கொடுப்பது இந்த இரண்டாவது வகை.

கூப்பனில் கணக்கு மாறுகிறது. 30,000 கட்டுகிறோம், 7,500 ரூபாய்க்குக் கூப்பன் வருகிறது. அந்தக் கூப்பனுக்கு எந்த நிபந்தனையும் இல்லை, முழுதாகச் செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 30,000 ரூபாய்க்கு மொத்தம் 37,500 ரூபாய்ப் பொருள் கிடைக்கிறது. மிச்சம் 7,500, அது 37,500-ல் எத்தனை சதவீதம்? சரியாக 20. கேஷ்பேக்கை c என்றும், அதற்குச் சமமான தள்ளுபடியை d என்றும் வைத்தால்:

```
d = c / (1 + c)
0.25 / 1.25 = 0.20
```

தள்ளுபடியில் நாம் கட்டும் தொகை குறைகிறது. கூப்பனில் வாங்கும் பொருள் கூடுகிறது. வகுக்கும் எண் பெரிதாவதால் சதவீதம் சுருங்கிவிடுகிறது. ஆக இரண்டு கடையும் அச்சு அசலாக ஒரே ஆஃபர்தான் தருகின்றன என்று நான் சொன்னபோது, இரண்டு பேருக்குமே ஏமாற்றம்.

ஆனால் "எந்த நிபந்தனையும் இல்லை" என்று வைத்தது நாம். கடை அல்ல. நோட்டீஸின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். கூப்பன்கள் 500 ரூபாய்த் தாள்களாக வரும். ஒவ்வொரு 5,000 ரூபாய் வாங்கலுக்கும் ஒரு தாள்தான் செல்லும். கூப்பன் கொடுத்து வாங்கும் பில்லுக்கு மறுபடி கேஷ்பேக் கிடையாது. 60 நாளில் காலாவதி.

இப்போது நம்ம ஆளின் பட்டியலை வைத்துப் பார்ப்போம். ஃப்ரிட்ஜை முதலில் வாங்குகிறான், 30,000 கட்டுகிறான், 15 தாள் கிடைக்கிறது. மீதி 25,000 ரூபாய் சாமானுக்கு ஐந்து தாள்தான் செல்லும். 2,500 குறைந்து 22,500 கட்டுகிறான். மொத்தம் 52,500. பத்துத் தாள் பீரோவில் கிடக்கும். பெரம்பலூரில் இதே பட்டியல் 44,000. வித்தியாசம் 8,500 ரூபாய்!

பதினைந்து தாளையும் தீர்க்க வேண்டுமானால் இன்னும் 75,000 ரூபாய்க்குச் சாமான் வாங்க வேண்டும். அப்படி வாங்கினாலும் 1,05,000 ரூபாய்ப் பொருளுக்கு 97,500 கட்டியிருப்பான். ஏழு சதவீதம் சொச்சம். 25% என்ற எண் இதற்குள் எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை, அது நோட்டீஸின் முன்பக்கத்தில் மட்டும்தான் இருந்தது.

கடைக்காரருக்கு ஏன் கூப்பன் பிடிக்கிறது என்பதும் இதிலேயே தெரிகிறது. தள்ளுபடி என்றால் விற்ற நிமிடமே பணம் குறைகிறது. கூப்பனில் முழுப் பணமும் இன்றே கல்லாவுக்கு வருகிறது. கூப்பன் திரும்பி வந்தால்தான் செலவு. வராத தாள் ஒவ்வொன்றும் லாபம்.

பெரம்பலூர்க்காரன் இதற்குள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அவனையும் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது. 20% எதிலிருந்து? எம்.ஆர்.பி.யிலிருந்து. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச வரம்பு. ஃப்ரிட்ஜ் போன்ற பொருளை யாரும் அந்த விலைக்கு வாங்குவதில்லை. இவனே ஆனி மாதம் தன் மைத்துனருக்கு இதே மாடலை, இதே கடையில், ஆஃபர் எதுவும் இல்லாமல் 25,500-க்கு வாங்கிக் கொடுத்திருக்கிறான். பில் அவன் போனிலேயே இருந்தது. இப்போது 24,000. உண்மையான குறைவு 1,500 ரூபாய், அதாவது ஆறு சதவீதம்.

"அப்போ என் கடை?" என்றான் அரியலூர்க்காரன்.

அங்கேதான் விஷயம். அவன் கடையில் கேஷ்பேக் வேண்டுமென்றால் முழு எம்.ஆர்.பி. கட்ட வேண்டும். சாதாரண நாளில் 25,500-க்குக் கிடைக்கும் பொருளுக்கு 30,000 கொடுத்துவிட்டு, அந்தக் கூடுதல் 4,500 ரூபாய்க்குத்தான் தாள் வாங்குகிறான். கூப்பன் இலவசம் இல்லை, அதற்கும் ஒரு விலை இருக்கிறது, பில்லில் தனியாகப் போட மாட்டார்கள், அவ்வளவுதான். அந்த விலையைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: "கூப்பன் வேண்டாம், மொத்தமா எவ்வளவு?"

மறுநாள் அரியலூர் கடையில் போய் அதைத்தான் கேட்கச் சொன்னேன். மாடல் நம்பரை எழுதிக்கொண்டு போனான், கடைசி எழுத்து மாறினாலே வேறு மாடல் என்பதால். மேனேஜர் முதலில் "சார், ஆஃபர் டைம்ல அப்படிப் பண்ண முடியாது" என்றாராம். இவன் பெரம்பலூர் விலையைச் சொன்னதும் உள்ளே போய் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு வந்து 45,000 என்றிருக்கிறார், வீட்டில் இறக்கிக் கொடுப்பது உட்பட. அதாவது பட்டியல்படி 52,500-க்கும் 45,000-க்கும் நடுவே உள்ள 7,500 ரூபாய்தான், பீரோவில் கிடக்கப்போகும் அந்தப் பத்துத் தாளின் விலை.

பெரம்பலூரில் 44,000. ஆனால் அங்கிருந்து அரியலூருக்குக் குட்டி யானை வாடகை 1,500 கேட்டார்கள். 45,500.

ஐநூறு ரூபாய் வித்தியாசத்தில் அரியலூர் ஜெயித்தது. கேஷ்பேக்கை வேண்டாம் என்று சொன்னதால் ஜெயித்தது. அதையும் நான் விளக்கினேன், ஆனால் அதற்குள் "பாத்தியா மாப்ள, எங்க ஊருதான்" என்று அவன் போனில் ஆரம்பித்துவிட்டான்.