‘சம்மதம்’ என்று எழுதுவதற்கு முன்

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள், நிதி தரும் நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். பிரிவிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. இந்த ஆண்டுக்கு ஒப்புக்கொண்ட தொகையில் 20 சதவீதத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது, திருத்திய திட்டத்தை இரண்டு வாரத்தில் அனுப்புங்கள் என்று நாலே வரி. தொண்டு நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய சங்கதிதான். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். லாபம் இறங்கினால் அந்த 2 சதவீதமும் இறங்கும். அவர்கள் கணக்கு முடித்து, இயக்குநர் குழு கூடி, எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதற்குள் ஏப்ரலில் தொடங்கிய வேலை இங்கே பாதி தூரம் போயிருக்கும்.

இதற்குப் பெரும்பாலோர் அனுப்பும் பதில், “தங்கள் நிலைமையைப் புரிந்துகொள்கிறோம், இயன்றவரை சமாளிக்கிறோம்” என்பது. பணிவான பதில்தான். ஆனால் இதைப் படிப்பவருக்கு ஒன்றுதான் புரியும்: பத்து லட்சம் குறைந்தாலும் இவர்கள் வேலை நின்றுபோகாது. அடுத்த ஆண்டுப் பேச்சு அந்தக் குறைந்த தொகையிலிருந்து தொடங்கும். பணம் குறைந்தது எழுத்தில் இருக்கும், வேலை குறைந்தது எழுத்தில் இருக்காது. மார்ச் மாதம் பழைய இலக்கை வைத்துக் கேள்வி வரும்போது விழிக்க வேண்டியிருக்கும்.

சரியான கடிதம் எப்படி இருக்கும் என்று பார்க்க, கணக்குக்காக ஒரு தொண்டு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 40 கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறார்கள். மையத்துக்கு 20 பிள்ளைகள், மொத்தம் 800 பேர். ஒவ்வொரு மையத்திலும் அந்த ஊர்ப் பெண் ஒருவர் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் அக்கா. மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல் உண்டு. நாலு களப்பணியாளர்கள் ஆளுக்குப் பத்து மையங்களைச் சுற்றி வருகிறார்கள், மேலே ஓர் ஒருங்கிணைப்பாளர். ஆண்டு பட்ஜெட் 50 லட்சம். அதில் அக்காமார்களின் மதிப்பூதியம் மட்டும் 24 லட்சம். சுண்டலுக்கு 7 லட்சம், களப்பணியாளர் சம்பளம் 7 லட்சத்து 20 ஆயிரம். மீதி பயிற்சி, புத்தகம், பெட்ரோல், அலுவலகம், தணிக்கை, ஜனவரியில் நடக்கும் குழந்தைகள் விழா.

குறைப்பு 10 லட்சம். ஐந்தில் ஒரு பங்கு என்று கேட்டதும் எல்லா வரியிலும் ஐந்தில் ஒன்றை வெட்டிவிடலாம் என்று கை பரபரக்கும். முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டியை. வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு மாத முன்னறிவிப்பாவது கொடுத்தாக வேண்டும். ஆக, எந்த மாற்றமும் அக்டோபர் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வரும். அதற்குள் அரையாண்டு முடிந்து 25 லட்சம் செலவாகியிருக்கும். கையில் மிஞ்சும் 25 லட்சத்திலிருந்துதான் அந்தப் பத்தும் போக வேண்டும். நிதியாளரின் கணக்கில் 20 சதவீதமாக இருக்கும் குறைப்பு, களத்தில் இரண்டாம் அரையாண்டில் 40 சதவீதமாக வந்து விழுகிறது. கடிதத்தில் இந்த ஒரு கணக்கு இல்லையென்றால் அடுத்து வரும் எதுவும் அவர்களுக்கு நியாயமாகப் படாது. 20 சதவீதம் குறைத்ததற்கு ஏன் இத்தனை மையங்களை மூடுகிறார்கள், மிரட்டிப் பார்க்கிறார்களா என்றுகூட நினைப்பார்கள்.

அடுத்தது, எதை வெட்டுவது? எல்லோர் மதிப்பூதியத்தையும் 5,000-லிருந்து 4,000 ஆக்கினால் ஒருவரையும் அனுப்ப வேண்டாமே என்று யாராவது சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு இதில் மிச்சமாவது 2 லட்சத்து 40 ஆயிரம்தான். ஐயாயிரத்துக்கே யோசித்துக்கொண்டிருக்கும் பெண், பக்கத்து டவுன் ஜவுளிக்கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்றால் போய்விடுவார். அப்புறம் எந்த மையம் மூடும், எந்த மாதம் மூடும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது, அது தானாக நடக்கும். சுண்டலை நிறுத்தலாமே என்பது இன்னொரு யோசனை. அரசுப் பள்ளியில் காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் இருக்கிறதே என்பார்கள். மதியம் சாப்பிட்ட பிள்ளை மாலை ஏழரை வரை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. சுண்டல் நின்றால் முதலில் வருகைப் பதிவேட்டில் தெரியும்.

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிய வைப்பதைவிட, சிலவற்றை முழுதாக நிறுத்தி மற்றதை உருப்படியாக நடத்துவதே மேல் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்துள்ளவர்கள் உண்டு. எந்த ஊரையும் கைவிடாமல் இருப்பதே முக்கியம் என்பார்கள். அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் பட்ஜெட்டில் பாதி ஆளுக்கான பணமாக இருக்கும் திட்டத்தில் அந்த நியாயம் செல்லுபடியாவது கஷ்டம்.

நம் நிறுவனத்தின் கணக்கு இப்படிப் போகிறது. ஜனவரி விழா இல்லை, 1 லட்சம் மிச்சம். நவம்பரில் விடுதியில் தங்கவைத்து நடத்தும் இரண்டு நாள் பயிற்சிக்குப் பதிலாகக் களப்பணியாளர்களே ஊர் ஊராகப் போய்ச் சொல்லித்தருவார்கள், 80 ஆயிரம் மிச்சம். புத்தகத்திலும் பெட்ரோலிலும் சேர்த்து 70 ஆயிரம். மையங்கள் குறைவதால் களப்பணியாளர் நாலு பேரில் இருவர் போதும், 1 லட்சத்து 80 ஆயிரம். இதுவரை 4 லட்சத்து 30 ஆயிரம். மிச்சம் மையங்களிலிருந்துதான் வர வேண்டும். ஒரு மையத்துக்கு ஆறு மாதத்துக்கு மதிப்பூதியம் 30,000, சுண்டல் 8,750. பதினைந்து மையங்களை நிறுத்தினால் 5 லட்சத்து 81 ஆயிரம் சொச்சம். கூட்டினால் 10 லட்சத்து 11 ஆயிரம். தணிக்கையிலும் அலுவலக வாடகையிலும் கைவைக்க முடியாது. 40 மையம் என்றாலும் 25 மையம் என்றாலும் ஆடிட்டருக்கு வேலை ஒன்றுதான். வேறொரு நிதியாளர் வேறு வேலைக்குத் தந்த பணத்தை எடுத்து இந்தப் பள்ளத்தை நிரப்புவதும் கூடாது. அது தணிக்கையில் மாட்டும், மாட்டாவிட்டாலும் தப்பு.

எந்தப் பதினைந்து என்பது அறையில் உட்கார்ந்து எடுக்கும் முடிவல்ல. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருகைப் பதிவேட்டை எடுத்தால், சராசரி வருகை பன்னிரண்டைத் தாண்டாத மையங்கள் கண்ணில் படும். பக்கத்துத் தெருவிலேயே வேறு மாலை வகுப்பு நடக்கும் ஊர்கள் சில இருக்கும். ஆனால் வருகை குறைவு என்பதை மட்டும் வைத்து மூடினால், காட்டோரக் குடியிருப்பும் செங்கல் சூளைக்குப் போய் வரும் குடும்பங்களின் பிள்ளைகளும்தான் முதலில் விடுபடுவார்கள். வேறு வகுப்பே எட்டாத ஊர் என்றால் எட்டுப் பிள்ளைகள் வந்தாலும் அந்த மையம் இருக்க வேண்டும். இந்த அளவுகோலையும் கடிதத்தில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நிதி நிறுவனத்து ஆட்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்திலுள்ள ஊர்களை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அவர்கள் பார்வையில் அதிலும் தவறில்லை, உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்கிறது.

இனிக் கடிதம். முதல் பத்தியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும்.

“மதிப்புக்குரிய ஐயா, தங்கள் மின்னஞ்சலில் கேட்டபடி, இந்த நிதியாண்டுக்கான 50 லட்சம் ரூபாயை 40 லட்சமாகக் குறைக்கச் சம்மதிக்கிறோம். செப்டம்பர் 30 வரை 25 லட்சம் செலவாகியிருக்கும் என்பதால், இந்தக் குறைப்பு முழுவதையும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான பணிகளில் செய்கிறோம். அந்த ஆறு மாதத்துக்கு இது 40 சதவீதக் குறைப்பு. மாற்றங்கள் கீழே உள்ளன, திருத்திய பட்ஜெட்டை இணைத்துள்ளோம்.”

நன்றி சொல்ல ஒரு வரி போதும், அதுவும் கடைசியில். வருத்தம் சொல்ல ஒரு வரிகூட வேண்டாம். கடிதத்தை வாசிப்பவர் இந்த முடிவை எடுத்தவராக இருக்க மாட்டார். அதைத் தன் மேலாளருக்கும் நிதிப் பிரிவுக்கும் அனுப்பிவைக்கப் போகிறவர் அவர். அவர்கள் கேட்கும் கேள்விக்கு அவர் பதில் சொல்ல முடிகிற மாதிரி எழுதிக்கொடுக்க வேண்டும்.

அடுத்த பத்தியில் நிற்பது எது, மாறுவது எது, அப்படியே தொடர்வது எது என்று மூன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். “தொடரும் 25 மையங்களில் வாரம் ஐந்து நாள் வகுப்பு, மாலைச் சிற்றுண்டி, ஆசிரியர் மதிப்பூதியம் மூன்றும் மாறாது” என்று ஒரு வரி இருந்தால், டிசம்பரில் இன்னொரு பத்து சதவீதம் குறைக்கலாமா என்று யாராவது கேட்கும்போது எதைத் தொட முடியாது என்பது ஏற்கனவே எழுத்தில் இருக்கும்.

பிறகு இலக்கு. இங்கேதான் அதிகம் இடறுகிறார்கள். ஜூன் மாதம் 800 பிள்ளைகளுக்கும் வாசிப்புச் சோதனை வைத்து, மார்ச்சில் மறுபடி வைத்து முன்னேற்றம் காட்டுவதாக ஒப்பந்தத்தில் இருக்கும். மார்ச்சில் 500 பேர்தான் இருப்பார்கள். இதை இப்போதே சொல்லாவிட்டால், ஆண்டறிக்கையில் 300 பிள்ளைகள் இடையில் நின்றுபோனதாகத் தெரியும். திட்டம் தோற்றது போல இருக்கும் அந்த அட்டவணையை அடுத்த ஆண்டு வரும் புது அதிகாரி அப்படித்தான் வாசிப்பார். அதனால்: “அக்டோபர் முதல் இலக்கு 500 பிள்ளைகள். மார்ச் சோதனை இவர்களுக்கு மட்டும். ஜூன் மதிப்பெண்களில் இந்த 500 பேருடையதைத் தனியே பிரித்து ஒப்பிடுவோம். நிறுத்தப்படும் மையங்களின் 300 பிள்ளைகளுக்கு செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு சோதனை நடத்தி அதன் முடிவைத் தனியாகத் தருவோம்.” அந்த 300 பேரும் எங்கேயும் காணாமல் போகவில்லை என்பதற்கு அதுதான் பதிவு.

கடைசிப் பத்தியில் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். திருத்திய தொகையும் இலக்கும் அடங்கிய துணை ஒப்பந்தம் ஒன்று, அடுத்த தவணை எந்தத் தேதிக்குள் வரும் என்ற உறுதி. துணை ஒப்பந்தம் கேட்பதைச் சிலர் மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். உண்மையில் அது அவர்களுக்கும் தேவை. ஒப்புதல் தந்த வேலைக்கு, ஒப்புதல் தந்த முறையில்தான் பணம் செலவானது என்று அந்த நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரி இயக்குநர் குழுவுக்குச் சான்று தர வேண்டும் என்பது சி.எஸ்.ஆர். விதி. 40 மையம் என்று கோப்பில் இருக்க, களத்தில் 25 மையம் ஓடினால் அவராலும் கையெழுத்துப் போட முடியாது.

கடிதம் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பதினைந்து அக்காமார்களுக்கும் இரண்டு களப்பணியாளர்களுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும், முன்னறிவிப்பை எழுத்தில் தர வேண்டும். இதை ஒருங்கிணைப்பாளர்தான் செய்ய வேண்டும், களப்பணியாளரிடம் தள்ளிவிடக் கூடாது. ஊர்ப் பெற்றோருக்கும் தேதியைச் சொல்ல வேண்டும். “நிதி குறைந்துவிட்டது, செப்டம்பர் 30-தான் கடைசி வகுப்பு” என்று சொன்னால் கோபப்படுவார்கள், ஏன் எங்கள் ஊர் என்று கேட்பார்கள். அதற்குப் பதிலும் கடிதத்தில் எழுதிய அதே அளவுகோலாக இருக்க வேண்டும். ஊருக்கு ஒரு காரணம், நிதியாளருக்கு ஒரு காரணம் என்று இரண்டாகிவிட்டால், கள ஆய்வுக்கு வரும் அதிகாரி டீக்கடையில் பேசும் முதல் ஆளிடமே அது வெளிப்பட்டுவிடும்.