அடித்த நேரம் ஒன்று, உயிர் போன நேரம் வேறு

சட்டப் படிப்பின் முதலாண்டில், பிரிக்பீல்ட்ஸில் நடந்த குற்றவியல் வகுப்பில் விரிவுரையாளர் ஒரு வழக்கைச் சொல்லி, "இது கொலையா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் கையைத் தூக்கி, "கொலைதான் சார்" என்றேன். தவறான பதில். அன்று மாலை கிள்ளானுக்குத் திரும்பிய கொமுட்டர் ரயிலில் அந்த வழக்கைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

1919-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு விசாரித்த வழக்கு அது. பழனி கவுண்டன் என்பவர் தம் மனைவியின் தலையில் கலப்பைக் கொழுவால் அடித்தார். மனைவி நினைவிழந்து விழுந்தார். இறந்துவிட்டார் என்று நம்பிய கணவர், தற்கொலைபோல் காட்டுவதற்காக அவரை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். ஆனால், மனைவி அப்போது உயிரோடுதான் இருந்தார். தூக்கில் தொங்கவிட்டதால்தான் அவர் இறந்தார்.

குற்றம் என்றால் பொதுவாக இரண்டு வேண்டும். ஒன்று, 'ஆக்டஸ் ரியஸ்' எனும் குற்றச் செயல். மற்றொன்று, 'மென்ஸ் ரியா' எனும் குற்ற மனம். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கவும் வேண்டும். நேற்று ஒருவரைக் கொல்ல நினைத்து, இன்று அந்த எண்ணமே இல்லாமல் காரோட்டும்போது தற்செயலாக அவர் மீது மோதினால், நேற்றைய எண்ணத்தை இன்றைய மோதலோடு ஒட்ட முடியாது.

பழனி வழக்கை இப்படிப் பிரித்துப் பார்ப்போம். கொழுவால் அடித்தபோது கொல்லும் எண்ணம் அவருக்கு இருந்ததாக நிரூபணமாகவில்லை. தொங்கவிட்டபோது, அவர் மனத்தளவில் கையாண்டது ஒரு பிணத்தை. உயிருள்ள ஒருவரைக் கொல்லும் எண்ணம் இரண்டு கட்டங்களிலும் இல்லை. ஆகவே, அது கொலை அல்ல என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடித்ததற்கும், பொய்ச் சாட்சியம் உருவாக்க முயன்றதற்கும் அவரைத் தண்டிக்கலாம் என்றும் சொன்னது.

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ, செத்துட்டாங்கன்னு நெனச்சேன்னு சொன்னா எல்லாருமே தப்பிச்சிரலாமா?" என்றார்.

தப்ப முடியாது. அதே சென்னை நீதிமன்றத்தில் 1943-இல் வந்த தவமணி வழக்கில், ஒரு பெண்ணைக் கொல்லும் எண்ணத்தோடு தாக்கிவிட்டு, இறந்துவிட்டதாக நினைத்துக் கிணற்றில் போட்டார்கள். நீதிமன்றம் அதைக் கொலை என்றது. 1954-இல் லண்டன் பிரிவி கவுன்சில் விசாரித்த தாபோ மெலி வழக்கிலும் அதே முடிவுதான். திட்டமிட்டு ஒருவரை அடித்து, இறந்ததாக நம்பி மலைச்சரிவில் உருட்டிவிட்டார்கள். அங்கே வெட்டவெளியில் கிடந்துதான் அவர் இறந்தார். ஒரே திட்டத்தின் தொடர் செயல்களைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கக் கூடாது என்றது கவுன்சில்.

வேறுபாடு முதல் அடியில் இருக்கிறது. கொல்லும் எண்ணம் அப்போதே இருந்தால் அது கடைசிச் செயல்வரை நீள்கிறது. அப்போது இல்லாத எண்ணத்தைப் பின்னால் கொண்டுவந்து சேர்க்க முடியாது. நம் நாட்டின் தண்டனைச் சட்டம் இந்தியச் சட்டத்தின் வழிவந்தது. 2024 வரை இந்தியாவில் நடைமுறையில் இருந்த அச்சட்டத்தின் 299, 300-ஆம் பிரிவுகள் எண்ணிலும் சாரத்திலும் நம்முடையவற்றை ஒத்திருந்தன. அதனால்தான் இந்தத் தீர்ப்புகள் எங்கள் வகுப்புக்கு வருகின்றன. அவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, வழிகாட்டும்.

அடுத்த வாரம் விரிவுரையாளர் இன்னொரு கேள்வி கேட்டார்: "ஒன்றுமே செய்யாமல் இருந்தால்?"

நம் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, 'செயல்' என்ற சொல்லில் சட்டவிரோதமாகச் செய்யாமல் விடுவதும் அடங்கும் என்கிறது. 'சட்டவிரோதமாக' என்பதுதான் இங்கே முக்கியம். செய்யவேண்டிய கடமை சட்டத்தில் இருந்திருக்க வேண்டும். 1961-இல் இந்திய உச்ச நீதிமன்றம், மனைவிக்கு உணவு தராமல் அடைத்துவைத்துப் பட்டினி போட்ட கணவரைக் கொலை முயற்சிக் குற்றவாளி என்றது. அவர் கடமைப்பட்டவர்.

1837-இல் இந்தச் சட்டத்தின் முதல் வரைவை எழுதிய மெக்காலே குழு, வெள்ளம் பெருகிய ஆற்றை உதாரணம் காட்டியது. ஆற்றில் இறங்குபவர் இறக்கட்டும் என்று எண்ணி எச்சரிக்காமல் இருந்தவர், எச்சரிப்பதற்கென்றே அங்கு நிறுத்தப்பட்ட காவலர் என்றால் அது கொலை. கூட்டிப்போக ஒப்புக்கொண்ட வழிகாட்டி என்றாலும் கொலை. வெறும் வழிப்போக்கர் என்றால் கொலை அல்ல.

அதைக் கேட்டபோது, 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த வெள்ளம் நினைவுக்கு வந்தது. "முன்பின் தெரியாத ஒருத்தர் ஆழம் தெரியாம தண்ணியில இறங்குறாரு. பார்த்துட்டு நான் சும்மா நின்னா அது கொலையில்ல" என்றேன் அம்மாவிடம்.

"சட்டம் எப்படியோ போகட்டும். நீ கூப்பிட்டுச் சொல்லணும்" என்றார் அம்மா.

தேர்வுத்தாளில் இப்படி ஒரு கதை வந்தால், இப்போது நான் உடனே 'கொலை' என்று எழுதுவதில்லை. உயிரைப் பறித்த செயல் எது, கொல்லும் எண்ணம் முதலில் எப்போது வந்தது என்று பார்க்கிறேன். யாராவது சும்மா நின்றிருந்தால், அவருக்குச் சட்டப்படி கடமை இருந்ததா என்றும் கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகுதான் பேனாவை எடுக்கிறேன்.