பொரிக்க எது, தாளிக்க எது? செக்கு எண்ணெயும் ரீஃபைண்டு எண்ணெயும்

அடுப்பில் காயும் எண்ணெயின் பரப்பிலிருந்து நீலச் சாயல் கொண்ட மெல்லிய புகை விடாமல் எழத் தொடங்கும் வெப்பநிலையை அந்த எண்ணெயின் புகைநிலை என்பார்கள். அந்தச் சூட்டைத் தாண்டினால் எண்ணெயின் கொழுப்பு சிதையத் தொடங்கும். அதிலுள்ள கிளிசரால் பிரிந்து அக்ரோலின் என்னும் ஆவியாகும். புகையும் வாணலிக்கு அருகில் நிற்பவருக்குக் கண் எரிவதும் தொண்டை கரகரப்பதும் பெரும்பாலும் இதனால்தான். அப்படிப் புகைந்த எண்ணெயில் பொரித்த பண்டத்தில் ஒரு கசப்பு ஏறிவிடும். எவ்வளவு உப்பு, காரம் சேர்த்தாலும் அது மறையாது.

பொதுவாகத் தரப்படும் அட்டவணைகளின்படி ரீஃபைண்டு கடலை எண்ணெய் 230 டிகிரி செல்சியசை ஒட்டிப் புகையும். சுத்திகரிக்காத கடலை எண்ணெய்க்கு 160 டிகிரி என்று போட்டிருக்கும். செக்கு நல்லெண்ணெயும் சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயும் 175 டிகிரியை ஒட்டியும், அவற்றின் ரீஃபைண்டு வடிவங்கள் 200 டிகிரிக்கு மேலும் புகையும். ஆனால் இந்த எண்களை அப்படியே மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒரே கடலை எண்ணெய் ஒரு கடையில் வாங்கினால் 160 டிகிரியிலும், இன்னொரு கடையில் வாங்கினால் 180 டிகிரியிலும் புகையக்கூடும். காரணம் தெரிந்தால்தான் எந்த எண்ணெயை எதற்கு எடுப்பது என்று தீர்மானிக்க முடியும்.

எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் கிளிசராலோடு மும்மூன்றாகப் பிணைந்திருக்கும். பிணைப்பு விட்டுத் தனியாகத் திரியும் அமிலங்களும் சிறிது இருக்கும். இந்தத் தனி அமிலங்கள் பிணைந்திருக்கும் கொழுப்பைவிட எளிதில் ஆவியாவதால், எண்ணெய் காயும்போது முதலில் புகைவது அவைதான். அவற்றின் அளவு நூற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் எண்ணெய் 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். நூற்றில் ஒரு பங்கை எட்டினால் புகைநிலை 160 டிகிரிக்கு அருகே இறங்கிவிடும். புகைநிலையைப் பெருமளவு தீர்மானிப்பது இந்தச் சிறு அளவுதான். வித்தின் வகை அதற்கு அடுத்தபடிதான்.

தனி அமிலம் கூடுவது வித்திலேயே தொடங்கிவிடுகிறது. ஈரப்பதத்தோடு மூட்டையில் கிடந்த கடலைப் பருப்பு, உடைந்து பூஞ்சை பிடித்த பருப்பு, சரியாகக் காயாத கொப்பரை இவற்றிலெல்லாம் கொழுப்பு முன்பே பிரிந்து கிடக்கும். மரச்செக்கில் ஆட்டும்போது எண்ணெய் சற்றே சூடாகும், அவ்வளவுதான். வித்தில் இருந்தது அத்தனையும் எண்ணெயில் வந்து சேரும். எள் ஆட்டும்போது எண்ணெய் நன்றாகப் பிரிவதற்காகக் கருப்பட்டியைத் தட்டிப் போடுவது நம் ஊர் வழக்கம். ஆட்டிய எண்ணெயை ஓரிரு நாள் வெயிலில் வைத்துக் கசடு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் துணியில் வடிப்பார்கள். அந்த எண்ணெயில் மணம், நிறம், வைட்டமின் ஈ ஆகியவற்றோடு தனி அமிலமும், பிசின் போன்ற பாஸ்போலிப்பிடும், கண்ணுக்குத் தெரியாத ஈரமும், நுண்துகளும் தங்கியிருக்கும். மணம் தருவதும் சீக்கிரம் புகைவதும் ஒன்றாகவே வருகின்றன.

ரீஃபைண்டு ஆலையில் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறார்கள். முதலில் வெந்நீரோ சிறிதளவு அமிலமோ சேர்த்துப் பிசினைப் பிரிக்கிறார்கள். பிறகு காஸ்டிக் சோடா கரைசலால் தனி அமிலத்தைச் சோப்பாக மாற்றிக் கழுவி எடுக்கிறார்கள். நிறத்தை உறிஞ்சும் களிமண் சேர்த்து வடிக்கிறார்கள். கடைசியாக, காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய கலனில் 200 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நீராவியைச் செலுத்தி வாடையை நீக்குகிறார்கள். அதுவரை மிஞ்சியிருந்த தனி அமிலமும் இதில் பெரும்பாலும் போய்விடுகிறது. புகைநிலை 50 டிகிரிக்கு மேல் உயர்வது இதனால்தான். வைட்டமின் ஈ-யில் ஒரு பகுதியும் மணம் முழுவதும் சேர்ந்தே போகின்றன. கலோரி மட்டும் மாறுவதில்லை. செக்கோ ரீஃபைண்டோ, ஒரு கிராம் எண்ணெய் என்றால் 9 கிலோகலோரிதான்.

கடலை எண்ணெயில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்லடாக்சின் என்னும் நஞ்சு உருவாகும். காரக் கரைசலும் நிறம் நீக்கும் களிமண்ணும் அதைப் பெருமளவு அகற்றிவிடும். செக்கில் அப்படி அகற்ற வழியில்லை. அதனால் செக்குக் கடலை எண்ணெயின் தரம் என்பது, ஆட்டுவதற்கு முன் பருப்பைப் பொறுக்கிய கையின் தரம்தான். சொந்தக் கடலை கொடுத்து ஆட்டுகிறவர்கள் சுருங்கிய, கறுத்த, பூஞ்சை பூத்த பருப்புகளைக் கட்டாயம் பொறுக்கி எறிய வேண்டும். எண்ணெய் அளவு கொஞ்சம் குறையும், ஆனால் அந்த எண்ணெய் புகையவும் தாமதிக்கும்.

பொரிப்பதற்கு வருவோம். வடை, பஜ்ஜி, முறுக்கு எல்லாம் ஏறக்குறைய 165 முதல் 180 டிகிரிக்குள் நன்றாகப் பொரியும். அப்பளத்துக்கு இன்னும் சற்றுக் கூடுதல் சூடு வேண்டும். ரீஃபைண்டு கடலை எண்ணெயில் இந்தச் சூட்டுக்கும் புகைநிலைக்கும் நடுவே 50 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. செக்கு எண்ணெயில் அந்த இடைவெளி மிகக் குறைவு, சில வேளைகளில் இல்லவே இல்லை.

ஒரு வீட்டில் உளுந்து வடைக்காக அரை லிட்டர் செக்குக் கடலை எண்ணெயைக் காய வைப்பதாகக் கொள்வோம். முதலில் நுரை கட்டும். உள்ளே இருக்கும் ஈரமும் பாஸ்போலிப்பிடும் செய்யும் வேலை அது, கலப்படம் என்று பயப்பட வேண்டியதில்லை. வாணலியைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், மிதமான தீயில் நுரை அடங்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு ஒரு துளி மாவைப் போட்டுப் பார்க்கலாம். அது கீழே இறங்கிச் சில நொடிகளில் குமிழியோடு மேலே வந்தால் சூடு சரி. அடியிலேயே கிடந்தால் எண்ணெய் காயவில்லை, அந்தச் சூட்டில் வடை எண்ணெய் குடிக்கும். போட்டவுடன் சிவந்தால் சூடு மிஞ்சிவிட்டது. நான்கு வடை விழுந்ததும் மாவின் நீர் ஆவியாகும் வேகத்தில் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும். அதனால் வடை உள்ளே இருக்கும்போது எண்ணெய் பெரும்பாலும் புகைவதில்லை. ஓர் ஈட்டை அரித்தெடுத்துவிட்டு அடுத்த ஈட்டைத் தட்டும் இடைவெளியில், வெறும் எண்ணெய் முழுத் தீயில் நிற்கும்போதுதான் புகை வரும். அந்த நேரத்தில் தீயைத் தணித்தாலே செக்கு எண்ணெயில் வீட்டுக்கு வேண்டிய வடையைப் புகையாமல் பொரித்துவிடலாம்.

இதே எண்ணெயில் தீபாவளிக்காக நாள் முழுவதும் முறுக்கு சுடுவது வேறு கணக்கு. மாவின் ஈரம் எண்ணெயோடு கலந்து கொழுப்பை மேலும் மேலும் பிரிப்பதால் தனி அமிலம் கூடிக்கொண்டே போகும், புகைநிலை இறங்கிக்கொண்டே வரும். அடியில் கருகும் மாவுத் துகள் அதை விரைவுபடுத்தும். குறைந்த புகைநிலையில் தொடங்கும் செக்கு எண்ணெய் சீக்கிரமே எல்லையைத் தொட்டுவிடும். பெரிய அளவில், நீண்ட நேரம் பொரிக்க ரீஃபைண்டு கடலை எண்ணெயே பொருத்தம். அதற்காக அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று பொருளல்ல. பொரித்த எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது. எண்ணெய் கறுத்துக் கொழகொழப்பானாலோ, அடங்காமல் நுரைத்தாலோ, முன்பைவிடக் குறைந்த தீயிலேயே புகைந்தாலோ அதன் காலம் முடிந்தது என்று கொள்ள வேண்டும்.

புகைநிலை உயர்ந்தால் எண்ணெய் சூட்டில் கெடாது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. சூட்டில் காற்றோடு சேர்ந்து கெடுவது கொழுப்பு அமிலத்தின் வகையைப் பொறுத்தது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு இருப்பதால், சீக்கிரம் புகைந்தாலும் அது எளிதில் காறுவதில்லை. கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் நேந்திரங்காய் சிப்ஸைத் தேங்காய் எண்ணெயில் பொரித்து வைப்பதற்கு மணம் மட்டும் காரணமல்ல. நன்கு காய்ந்த கொப்பரையில் ஆட்டிய புது எண்ணெயும், அளவான தீயும் இருந்தால் அந்தப் பொரிப்பு சரியாகவே வரும். ஆனால் வடை சுட்ட கடலை எண்ணெயில் தேங்காய் எண்ணெயைச் சேர்த்து ஊற்றக் கூடாது, கலவை பொங்கி நுரைத்து அடுப்பில் வழியக்கூடும். தேங்காய் எண்ணெய் பழையதானால் சோப்பு போன்ற சுவை தட்டும். அதன் தனி அமிலங்களில் பெரும்பகுதி லாரிக் அமிலம் என்பதே காரணம்.

நல்லெண்ணெயில் கதை மாறுகிறது. அதில் காற்றோடு சேர்ந்து கெடக்கூடிய லினோலிக் அமிலம் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. இருந்தும் எள்ளுக்கே உரிய செசமின், செசமோலின் போன்ற பொருள்கள் அதைக் காக்கின்றன. செசமோலின் சூட்டில் பிரிந்து செசமால் என்னும் காப்புப்பொருளாக மாறும். ஊறுகாய்க்கும் புளிக்காய்ச்சலுக்கும் நல்லெண்ணெயை ஊற்றுவது நன்றாக ஒத்துவருவதில் இதற்கும் பங்கு உண்டு. ரீஃபைண்டு நல்லெண்ணெய் வாங்குவதில்தான் பொருளில்லை. அதன் மணமும் செசமோலினும் பெருமளவு போன பின், கூடுதல் விலை எதற்கு?

தாளிப்பில் கணக்கு நேர்மாறானது. அங்கே எண்ணெய் ஒன்றிரண்டு கரண்டிதான், நேரமும் ஒரு நிமிடம்தான், அது அப்படியே குழம்பில் சேர்கிறது. கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணப்பொருள்கள் எண்ணெயில் கரைந்து வருவதால், எண்ணெய்க்கும் மணம் இருப்பது நல்லது. செக்கு எண்ணெய் இங்கேதான் தன் விலைக்கு ஈடு செய்கிறது. ஒரே ஆபத்து இரும்புக் கரண்டி. அதில் மெல்லிய படலமாக நிற்கும் எண்ணெய், பெரிய வாணலியில் இருப்பதைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறிச் சில நொடிகளில் புகைநிலையைத் தாண்டிவிடும். நடுத்தரத் தீயில் வைத்து, ஒரு கடுகைப் போட்டு அது வெடிப்பதைப் பார்த்துவிட்டு மற்றதைப் போட வேண்டும். உளுத்தம்பருப்பு பொன்னிறமானதும் மிளகாயும் பெருங்காயமும் போட்டு, கடைசியாகக் கறிவேப்பிலை போட்டு, தீயை அணைத்துவிட வேண்டும்.

வீட்டுக்கு இரண்டு எண்ணெய் போதும் என்றால், வத்தக்குழம்பு, துவையல், இட்லிப்பொடிக்குச் செக்கு நல்லெண்ணெயும், பொரிப்பதற்குக் கடலை எண்ணெயும் வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு முறை சிறிதளவு பொரிக்கும் வீட்டில் செக்குக் கடலை எண்ணெயே ஆகும். நிறையப் பொரிக்கும் வீட்டில் ரீஃபைண்டு நல்லது. அவியல், மோர்க்குழம்பு, கூட்டு அடிக்கடி செய்கிறவர்கள் செக்குத் தேங்காய் எண்ணெயைச் சிறு பாட்டிலில் வைத்துக்கொண்டு தாளிக்கவும், இறக்கும்போது பச்சையாக ஊற்றவும் பயன்படுத்தலாம். செக்கு எண்ணெயை மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கி, எவர்சில்வர் பாத்திரத்திலோ அடர் நிறக் கண்ணாடி பாட்டிலிலோ அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். காறல் வாடை வந்துவிட்ட எண்ணெய் தாளிக்கவும் ஆகாது, பொரிக்கவும் ஆகாது.