அனுப்பியாயிற்று, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்

வங்கிக் கடன் கேட்டுப் போனால் முதலில் 'சிபில் ஸ்கோர்' பார்ப்பார்கள். அமெரிக்காவில் இப்படி மக்களின் கடன் வரலாற்றைத் தொகுத்துத் தரும் பெரிய நிறுவனங்களுள் ஒன்று ஈக்விஃபாக்ஸ். 2017இல் அங்கிருந்து ஏறத்தாழ 14.8 கோடி பேரின் விவரங்கள் திருடு போயின. திருடர்கள் பூட்டை உடைக்கவேயில்லை. கதவைச் சாத்துவது யார் வேலை என்று தெரியாமல் இரண்டு பிரிவுகள் இருந்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த நிறுவனத்தில் கணினிகளை நடத்துவது தகவல் தொழில்நுட்பப் பிரிவு. ஆபத்துகளைக் கண்டு எச்சரிப்பது பாதுகாப்புப் பிரிவு. பல ஆண்டுகளுக்கு முன் இரண்டின் தலைவர்களுக்கும் ஒத்துப்போகாததால், பாதுகாப்புப் பிரிவைச் சட்டத்துறைத் தலைவரின் கீழ் கொண்டுபோய் வைத்தார்கள். ஆட்கள் மாறிய பிறகும் ஏற்பாடு மாறவில்லை. எச்சரிப்பவர் ஒரு மேலதிகாரியின் கீழ், சரிசெய்பவர் இன்னொருவரின் கீழ் என்றே காலம் ஓடியது.

2017 மார்ச் 7 அன்று 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற மென்பொருளில் பெரிய ஓட்டை இருப்பது வெளியானது. அதை அடைக்கும் திருத்தமும் அன்றே வந்துவிட்டது. மறுநாள் அமெரிக்க அரசின் எச்சரிக்கை வந்தது. மார்ச் 9 அன்று நிறுவனத்துக்குள் 400க்கும் மேற்பட்டோருக்கு மின்னஞ்சல் போனது: 48 மணி நேரத்துக்குள் சரிசெய்யுங்கள். எச்சரித்தவர்களைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

கடன் அறிக்கையில் தவறு இருந்தால் மக்கள் முறையிட ஓர் இணையவாசல் இருந்தது. 1970களில் தொடங்கிய பழைய அமைப்பு அது. அதில் ஸ்ட்ரட்ஸ் இருப்பதை அறிந்த நிரலாளர் அந்த மின்னஞ்சல் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இருந்த மேலாளர் அதை அவருக்கு அனுப்பவில்லை. ஒவ்வோர் அமைப்புக்கும் பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்தப் பொறுப்பாளர் யார் என்பது மட்டும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. பாதுகாப்புப் பிரிவும் சோதனைக் கருவியை ஓட்டிப் பார்த்தது. ஆனால் கருவி மேல்மட்டக் கோப்புறையை மட்டும் பார்த்தது. ஓட்டை இருந்ததோ உள்ளே. 'எதுவும் இல்லை' என்று வந்த பதிலை, வேலை முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

மே 13 அன்று திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள். 76 நாட்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்தார்கள். அதற்குக் காரணம் கேட்பாரற்றுக் கிடந்த இன்னொரு வேலை.

இணையத்தில் போகும் தகவல் குறியீடாக்கப்பட்டுப் போகும். அதைப் பிரித்துச் சோதிக்க ஒரு கருவி வைத்திருந்தார்கள். பிரிப்பதற்கு டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். அதைக் காலம் முடியும் முன்பே புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் சோதனைச்சாவடியில் ஆள் இல்லாத கதைதான்: வண்டிகள் நிற்காது, சோதிக்கப்படாமலே போய்க்கொண்டிருக்கும். சான்றிதழ் காலாவதியாகி 19 மாதங்கள் ஆகியிருந்தன என்கிறது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவின் அறிக்கை. இப்படிக் காலாவதியானவை குறைந்தது 324 என்றும் அது சொல்கிறது. இணையதளம் முடங்கியிருந்தால் அன்றைக்கே யாராவது சத்தம் போட்டிருப்பார்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை.

ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்தார்கள். சந்தேகத்துக்குரிய போக்குவரத்து அன்றே தெரிந்தது. மறுநாள் இணையவாசலை மூடினார்கள். அதற்குள் பிறந்த தேதி, முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் வெளியே போயிருந்தன. செப்டம்பரில் தலைமை நிர்வாகி பதவி விலகினார். மின்னஞ்சலை மேற்கொண்டு அனுப்பவில்லை என்று ஓர் உயரதிகாரி வேலையை இழந்தார்.

ஆனால் அந்த மின்னஞ்சல் போயிருந்தாலும் சரியான ஆளைச் சேர்ந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. எந்தக் கணினியில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்ற முழுப் பட்டியலே அங்கு இல்லை. 400 பேருக்குப் போன கடிதம் ஒருவருக்கும் போகாத கடிதம் போலத்தான்: பெற்றவர்களில் ஒவ்வொருவரும் மற்ற 399 பேரில் யாருக்கோ உரியது என்று நினைக்கலாம். யார் பதில் எழுதவில்லை என்று அனுப்பியவருக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட வேலையை முன்கூட்டியே கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் போதும். இது யார் வேலை என்று கேளுங்கள். ஒரு நபரின் பெயர் வராமல் பிரிவின் பெயர் வந்தால் அந்த வேலைக்கு ஆள் இல்லை. அடுத்து, இது நடக்காமல் போனால் முதலில் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். ஈக்விஃபாக்ஸில் இந்த இரண்டாவது கேள்விக்குச் சரியான விடை 'திருடனுக்கு' என்பதுதான். 2018இல் வந்த புதிய பாதுகாப்புத் தலைவரை நேரடியாகத் தலைமை நிர்வாகியின் கீழ் வைத்தார்கள்.