நான்கு பெருக்கல், ஆறு பெருக்கல்

ஒன்பதாம் படிப் பல்லுறுப்புக் கோவை ஒன்றின் மதிப்பை, எழுதியிருக்கிறபடியே உறுப்பு உறுப்பாகக் கண்டால் 45 பெருக்கல்கள் வேண்டும். x-இன் அடுக்குகளை ஒன்றிலிருந்து அடுத்ததாக வளர்த்துக்கொண்டே போனால் 17 போதும். கோவையையே ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து எழுதிக்கொண்டால் 9. கூட்டல் எந்த வழியிலும் ஒன்பதுதான். எட்டு, பத்து இலக்க எண்களைக் காகிதத்தில் பெருக்கியவர்களுக்கு 45-க்கும் 9-க்கும் இடையிலான தூரம் ஒரு முழுப் பிற்பகல். இன்றைய செயலிக்கு அது கண்ணுக்கே தெரியாத நேரம். இருந்தும் மடித்து எழுதும் பழக்கம் போய்விடவில்லை. அதை வைத்திருப்பதற்கான காரணம்தான் மாறியிருக்கிறது.

முறை எளியது. முதல் கெழுவை எடு, x-ஆல் பெருக்கு, அடுத்த கெழுவைக் கூட்டு. விடையை மறுபடி x-ஆல் பெருக்கு, அதற்கடுத்த கெழுவைக் கூட்டு. நம் பள்ளிப் பாடநூல்களில் தொகுமுறை வகுத்தல் என்ற பெயரில் வருவதும் இதே வரிசைதான். அங்கே கடைசியில் நிற்கும் மீதிதான் கோவையின் மதிப்பு. மேற்கே இது பாத் நகரப் பள்ளி ஆசிரியர் வில்லியம் ஜார்ஜ் ஹார்னரின் பெயரால் வழங்குகிறது. 1819-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்ட அவருடைய கட்டுரையின் நோக்கம், சமன்பாட்டின் மூலத்தை இலக்கம் இலக்கமாகப் பிடிப்பது. இத்தாலியில் ருஃபினி 1804-இலேயே இதைச் செய்திருந்தார். சீனத்தில் சின் ஜியூஷாவ் 1247-இல் எழுதிய நூலில் பத்தாம் படிவரை இப்படித் தீர்த்திருக்கிறார். பெயர் மட்டும் ஹார்னரிடம் தங்கிவிட்டது.

அன்று இம்முறை உழைப்பை மிச்சப்படுத்தியதோடு துல்லியத்தையும் சற்றுக் கூட்டித் தந்தது. மூன்று முக்கிய இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் முழுதாக்கும் ஒருவர் x³ − 5.2x² + 3.7x + 2.4 என்ற கோவைக்கு x = 4.26-இல் மதிப்புக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உண்மை விடை 1.103. அடுக்குகளைத் தனியே கண்டால் x² = 18.1, x³ = 77.1. அடுத்து 5.2 × 18.1 = 94.1, 3.7 × 4.26 = 15.8. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் 1.20 வருகிறது, பிழை ஒன்பது சதவீதத்துக்குச் சற்றே குறைவு. மடித்துச் செய்தால் 4.26 − 5.2 = −0.94, அதை 4.26-ஆல் பெருக்கினால் −4.00, 3.7 கூட்டினால் −0.300, மறுபடி பெருக்கினால் −1.28, 2.4 கூட்டினால் 1.12. பிழை ஒன்றரைச் சதவீதம். பெருக்கல்களும் நான்கிலிருந்து இரண்டாகின்றன.

வேறுபாடு எங்கிருந்து வந்தது? முதல் வழியில் 77, 94 என்ற பெரிய எண்கள் முழுதாக்கப்பட்ட பிறகு ஒன்றையொன்று தின்கின்றன. பெரிய எண்ணில் விழுந்த சிறு பிழை, எஞ்சிய சிறிய விடையில் பெரிதாகத் தெரிகிறது. இரண்டாம் வழியில் அந்தக் கழித்தல் முதல் படியிலேயே, இன்னும் எதுவும் முழுதாக்கப்படாத எண்களுக்கிடையே நடந்துவிடுகிறது. −0.94-இல் பிழையே இல்லை.

ஆனால் இதை ஒரு விதியாகச் சொல்லிவிட முடியாது. 2x³ − 7.3x² + 4.6x + 1.9 என்ற கோவையை x = 3.27-இல் அதே மூன்று இலக்கங்களோடு கணக்கிட்டால் இரு வழியிலும் 8.80-தான் வருகிறது. பொதுவாகப் பார்த்தால் இரண்டின் பிழை வரம்பும் ஏறத்தாழ ஒன்றே: எல்லாக் கெழுக்களையும் x-ஐயும் நேர்க்குறியாக்கிக் கிடைக்கும் கூட்டுத்தொகையை, படியின் இரு மடங்காலும் ஒரு முழுதாக்கலின் அளவாலும் பெருக்கினால் வருவது. மடித்தெழுதுவது துல்லியத்துக்காகவே கண்ட வழி என்று சில பாடநூல்கள் எழுதுவது எனக்கு மிகையாகப் படுகிறது. பெருக்கல் எண்ணிக்கைதான் அதன் உறுதியான ஆதாயம். துல்லியம் சில கோவைகளில் கூடவே வரும், சிலவற்றில் வராது.

கையால் சுழற்றும் மேசைக் கணக்கு இயந்திரங்களின் காலத்தில் இம்முறைக்கு இன்னொரு சலுகை இருந்தது. அவ்வியந்திரங்களின் விடைப் பதிவில், பெருக்கும் எண்ணைவிட அதிக இலக்கங்களுக்கு இடம் உண்டு. கெழுவை முதலில் அதில் ஏற்றி வைத்துவிட்டு, அதன் மேலேயே பெருக்கலைச் சுழற்றலாம். பெருக்கற்பலன் முழு நீளத்தில் கெழுவோடு சேரும். கணக்கிடுபவர் ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு முறை, அதன் கடைசியில், முழுதாக்கினால் போதும். பெருக்கலும் கூட்டலும் ஒரே அசைவாயின. பின்னர் வந்த மின்னணுக் கணினிகள் பலவற்றில் அது போயிற்று. பெருக்கியதும் ஒரு முழுதாக்கல், கூட்டியதும் ஒரு முழுதாக்கல். ஒன்பதாம் படிக்கு மொத்தம் 18. வேகம் பல்லாயிரம் மடங்கு கூடியதில் இந்த இழப்பை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 1990-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆர்.எஸ். 6000 கணினி பெருக்கிக் கூட்டுவதை ஒரே கட்டளையாக, ஒரே முழுதாக்கலோடு கொண்டுவந்தது. 2008-இல் திருத்தப்பட்ட ஐ.இ.இ.இ. 754 தரநிலையிலும் அது சேர்ந்தது. இன்று ஹார்னர் முறை முழுவதும் இவ்வளவுதான்:

```c
p = a[n];
for (i = n - 1; i >= 0; i--)
    p = fma(p, x, a[i]);
```

முழுதாக்கல் 18-லிருந்து மறுபடி 9 ஆயிற்று. ஆனால் பழைய ஆள் பத்து இலக்கம் வைத்திருந்த இடத்தில் இப்போது ஏறக்குறைய பதினாறு இலக்கம் இருக்கிறது. அது தரும் நம்பிக்கை சில இடங்களில் ஏமாற்றும். (x − 2)⁹ என்பதை விரித்தெழுதினால் கெழுக்கள் 1, −18, 144, −672, 2016, −4032, 5376, −4608, 2304, −512. x = 2 என்றால் எல்லாம் முழு எண்கள்; கணினி பிசகாமல் 0 என்று சொல்லும். x = 2.01-இல் உண்மை விடை 10⁻¹⁸. அங்கே குறிகளை எல்லாம் நேராக்கினால் வரும் கூட்டுத்தொகை சுமார் 2,68,000. அதன்படி பிழை வரம்பு 5 × 10⁻¹⁰. நடைமுறையில் விழும் பிழை அதைவிடக் குறைவு, 10⁻¹² அல்லது 10⁻¹¹ அளவில் இருக்கும். அப்படியும் அது உண்மை விடையைவிடப் பத்து லட்சம் மடங்கு பெரியது. வரும் எண்ணின் குறியைக்கூட நம்ப முடியாது. 2-ஐச் சுற்றி வரைபடம் போட்டால், வழவழப்பாகக் கிடக்க வேண்டிய கோடு மேலும் கீழுமாகச் சிதறும். அடுக்குகளைத் தனித்தனியே கூட்டினாலும் இதே கதிதான். இங்கே குற்றம் மடிப்பில் இல்லை, விரித்தெழுதியதில் இருக்கிறது.

காகிதத்தில் போட்டவர் இதைத் தம் கண்ணாலேயே பார்த்திருப்பார். ஆயிரக்கணக்கில் போன எண்கள் ஒன்றையொன்று அழித்து முன்னிலக்கங்கள் மறைவதை அவர் வரிக்கு வரி எழுதியாக வேண்டும். இன்று அந்த வரிகள் யார் கண்ணிலும் படுவதில்லை. கடைசியில் பதினாறு இலக்கத்தோடு ஓர் எண் வந்து நிற்கிறது. அதை நம்பலாமா என்று அறிய ஒரு வழி உண்டு. அதே சுழலில், கெழுக்களையும் x-ஐயும் நேர்க்குறியாக்கி இன்னொரு மதிப்பையும் கூடவே கணக்கிட்டு, மேலே சொன்ன வரம்பைப் பெறலாம். விடை அந்த வரம்புக்குள் அடங்கிவிட்டால் அதில் ஓர் இலக்கமும் தேறாது. செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். விடை அப்படி அடங்கிவிட்டால் செய்யத்தக்கதும் உண்டு: ஒவ்வொரு படியிலும் முழுதாக்கலில் உதிர்ந்ததைத் தனியே சேர்த்து வைத்துக் கடைசியில் திருப்பிச் சேர்க்கும் ஈடுகட்டிய ஹார்னர் முறை. அது இரு மடங்கு இலக்கங்களோடு கணக்கிட்டது போன்ற விடையைத் தரும். 2.01-இல் குறைந்தது ஐந்து இலக்கமாவது சரியாக வரும்.

எண்ணிக்கையின் கதை வேறு திசையில் போயிற்று. ஒன்பதாம் படிக்கு ஒன்பது பெருக்கல் உண்மையில் வேண்டுமா, இன்னும் குறைக்க முடியாதா என்று 1954-இல் ஆஸ்ட்ரோவ்ஸ்கி கேட்டார். கெழுக்கள் எதுவாகவும் இருக்கலாம் என்றால் குறைக்க முடியாது என்று 1966-இல் விக்டர் பான் நிறுவினார். கெழுக்கள் முன்பே தெரிந்து, அவற்றை மாற்றியெழுத நேரமும் இருந்தால் பெருக்கல்களை ஏறத்தாழ பாதியாக்கலாம் என்று அதற்குள் மோட்ஸ்கின் காட்டியிருந்தார். ஆனால் அப்படி மாற்றியெழுதும்போது புதிய கெழுக்கள் பெரிதாகி, துல்லியம் போய்விடக்கூடும். இவ்வளவு கூர்மையாகத் தீர்க்கப்பட்ட கேள்வி, தீர்ந்த சில பத்தாண்டுகளில் பெருமளவு பொருளிழந்தது. பெருக்கல் இப்போது கூட்டலைப் போலவே மலிவு. செலவு முழுவதும் காத்திருப்பில் இருக்கிறது. மடித்தெழுதிய கோவையில் உள் அடைப்பு முடியாமல் வெளி அடைப்பைத் தொடங்க முடியாது. ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யக்கூடிய செயலி, அங்கே ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு நிற்கும்.

இதற்கு நல்ல சாட்சி சைன் கணக்கிடும் நிரல். சன் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட `fdlibm` தொகுப்பில் அது மடித்தே எழுதப்பட்டது. அங்கே z என்பது x-இன் வர்க்கம்:

```c
r = S2+z*(S3+z*(S4+z*(S5+z*S6)));
```

நான்கு பெருக்கல், நான்கு கூட்டல், ஒன்றன்பின் ஒன்றாக எட்டுப் படிகள். அதிலிருந்து வளர்ந்த ஃப்ரீபிஎஸ்டி, மசல் ஆகியவற்றின் நூலகங்களில் அதே வரி இப்படி மாறியிருக்கிறது:

```c
w = z*z;
r = S2 + z*(S3 + z*S4) + z*w*(S5 + z*S6);
```

பெருக்கல்கள் ஆறாகிவிட்டன. அறுபதுகளில் இதைக் காட்டியிருந்தால் வீண்செலவு என்று சிரித்திருப்பார்கள். ஆனால் இரு பாதியும் ஒரே நேரத்தில் நடப்பதால், காத்திருக்க வேண்டிய படிகள் எட்டிலிருந்து ஐந்தாகக் குறைகின்றன. இப்படிக் கூறுபோடும் வழியை ஜெரால்ட் எஸ்ட்ரின் 1960-இலேயே எழுதியிருந்தார். அதற்கேற்ற செயலிகள் பிறகுதான் பரவலாயின. துல்லியத்திலும் இங்கே பெரிய இழப்பில்லை. கோணம் π/4-க்குள் சுருக்கப்பட்டிருப்பதால் ஒவ்வோர் உறுப்பும் முந்தியதைவிட மிகச் சிறியது. எந்த வரிசையில் கூட்டினாலும் பிழை கடைசி பிட்டின் அளவில்தான் நிற்கும்.

அந்தக் கடைசி பிட்டை விட்டுக்கொடுக்க முடியாத இடங்களும் உண்டு. ஜாவாவின் `StrictMath` எந்தக் கணினியிலும் `fdlibm` தரும் அதே பிட்டுகளைத் தர வேண்டும் என்பது அதன் வரையறையிலேயே இருக்கிறது. கூட்டும் வரிசையை மாற்றினால் பிட்டு மாறிவிடலாம். ஆகவே அங்கே நான்கு பெருக்கல்கள் எட்டுப் படிகளாக, ஒன்றுக்கு ஒன்று காத்து, பழையபடியே நடக்கின்றன.